மணிக்கட்டில் நிற்காத வாசனை

காலை பத்து மணிக்கு அக்காவின் மணிக்கட்டில் அடித்த சென்ட் மாலை ஐந்து மணிக்கும் அப்படியே இருக்கும். எங்கள் கடை வியாபாரத்தில் பாதி அந்த ஒரு கையை நம்பித்தான் நடந்தது.

கடை காரைக்குடியில் செக்காலை ரோட்டில், ஒரு ஜவுளிக்கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவே இருந்தது. அகலம் குறைவு, நீளம் அதிகம், எந்நேரமும் ஏசி ஓடும். முதலாளி துபாயில் ஒரு பெரிய வாசனைத் திரவியக் கடையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி இந்தக் கடையைப் போட்டவர். நான் அக்கா என்று கூப்பிட்ட மூத்த விற்பனையாளர் அமராவதிபுதூர்க்காரர். கடை திறந்த நாளிலிருந்தே அங்கே இருந்தார். அவருடைய வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டினார், மகள் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தாள். நான் கொத்தமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. வாசனையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பவுடரும் மல்லிகைப்பூவும்தான்.

சேர்ந்த அன்று அக்கா ஒரே பெயர் போட்ட இரண்டு பெட்டிகளை என் முன்னால் வைத்தார். ஒன்றில் 'ஓ டி டாய்லெட்' என்றும், இன்னொன்றில் 'ஓ டி பர்ஃபம்' என்றும் இருந்தது. டாய்லெட் என்ற சொல்லைப் பார்த்து முகம் சுளித்துப் பெட்டியைக் கீழே வைக்கிற ஆட்கள் தினமும் வருவார்கள், அவர்களுக்கு முதலில் அதைத்தான் விளக்க வேண்டும் என்றார். அது கக்கூஸ் சம்பந்தப்பட்டது இல்லை. குளித்து உடுத்திச் சிங்காரித்துக்கொள்வதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்கிற வார்த்தை. இரண்டிலும் இருப்பது வாசனை எண்ணெயும் ஸ்பிரிட்டும்தான், கொஞ்சம் தண்ணீர் இருக்கும். டாய்லெட்டில் எண்ணெய் குறைவு, நூற்றுக்கு ஐந்திலிருந்து பதினைந்து வரை இருக்கலாம். பர்ஃபத்தில் அதைவிட அதிகம், பதினைந்து இருபது என்று போகும். வெறும் பர்ஃபம் என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கும் மேலே. கடையில் நாங்கள் சுருக்கமாக ஈடிடி, ஈடிபி என்போம்.

"ஈடிபின்னா ஈடிடியவே கெட்டியாக்குனதுன்னு நெனச்சுராத" என்று அக்கா சொன்னார். "ஒரே பேருதான், ஆனா கலவை வேற. ஈடிடியில எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி பளிச்சுன்னு வாரது தூக்கலா இருக்கும். ஈடிபியில அடியில கெடக்குற சந்தனம், வெனிலா தூக்கலா இருக்கும். ரெண்டையும் மோந்து பாக்காம வாயத் தொறக்காத."

என் இடது கையில் ஈடிடியும் வலது கையில் ஈடிபியும் அடித்துவிட்டு, மத்தியானம் வரை கையைக் கழுவக் கூடாது என்றார். முதல் கால் மணி நேரம் எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினது போல இருந்தது. அது போனபின் மல்லிகையும் ரோஜாவும் வந்தன. அவை அடங்க இரண்டு மூன்று மணி நேரமானது. கடைசியில் தோலோடு தோலாக ஏதோ ஒரு மரவாசனை மிஞ்சியது. இடது கையில் இதெல்லாம் சீக்கிரமே நடந்து முடிந்துவிட்டது. எடை குறைந்தவை முதலில் பறக்கும், கனமானவை கடைசிவரை இருக்கும் என்று அக்கா அதற்கு விளக்கம் சொன்னார்.

மத்தியானச் சாப்பாட்டின்போது அக்கா தன் கையை நீட்டினார். அதே ஈடிடியைத்தான் என்னோடு சேர்ந்து காலையில் அவரும் அடித்திருந்தார். என் கையில் அநேகமாக இல்லை. அவர் கையில் பூவே இன்னும் போகவில்லை. அவருக்கு எண்ணெய்ப் பசையுள்ள தோல். எண்ணெய் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வறண்ட தோல் விட்டுவிடும்.

முதலாளிக்கு அந்தக் கை ஒரு விளம்பரப் பலகை. மாலையில் வாடிக்கையாளர் விலை குறைந்த ஈடிடியைக் கையில் எடுத்துக்கொண்டு இது நிற்குமா என்று யோசித்தால், அக்காவைக் கூப்பிடுவார். "காலையில பத்து மணிக்கு அடிச்சது. நீங்களே மோந்து பாருங்க" என்பார். அக்கா கையை நீட்டுவார். வந்தவர் முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போவார். அதில் பொய் ஒன்றும் இல்லை. காலையில் அடித்ததுதான், அந்தப் பாட்டிலேதான்.

ஒருமுறை ஓர் ஆச்சி அப்படி வாங்கிப்போனதை நான்கு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை என்று நிதானமாகத்தான் சொன்னார். அக்கா அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தார். வயதான கை, காய்ந்து சொரசொரப்பாக இருந்தது. குளித்ததும் வாசனையில்லாத கிரீமோ கொஞ்சம் வாசலினோ தடவி அதன்மேல் அடித்தால் கொஞ்சம் நிற்கும், சேலையிலும் லேசாக அடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, தன் தோல் ஒரு மாதிரி, ஆச்சி தோல் ஒரு மாதிரி என்றும் மெதுவாகச் சொன்னார்.

ஆச்சி அவரையே பார்த்தார். "அப்ப ஒன் கையக் காட்டி எனக்கு வித்துப்புட்டீகளாக்கும்" என்றார்.

 அன்றிலிருந்து அக்கா, முதலாளி கையை நீட்டச் சொன்னால் நீட்டிவிட்டு, இது என் தோலுக்கு, உங்க கையில அடிச்சுக்கிட்டுப் போயி கடைவீதியில ரெண்டு வேலையப் பாத்துட்டு வாங்க, அதுக்கப்புறம் வாங்கிக்கலாம் என்றும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. முதலாளிக்கு அது பிடிக்கவில்லை என்றாலும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அக்காவின்மேல் மரியாதை இருந்தது.

அக்காவுக்கு அடிக்கடி தலைவலி வரும். நாள் முழுக்கச் சென்ட்டுக்கு நடுவே நின்றால் வராமல் என்ன செய்யும் என்று நாங்கள் எல்லோரும் சொல்வோம், அவரும் அதைத்தான் சொல்வார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் வலி மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கி வைத்திருப்பார். பல நாள் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நின்று நின்று கால் வலித்தாலும் அதே மாத்திரைதான். யாரும் ரத்த அழுத்தம் பார்த்தது கிடையாது. ஒரு நாள் எனக்குத் தலை வலித்தபோது தன் பையிலிருந்து எடுத்து எனக்கும் ஒன்று கொடுத்தார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

நான் சேர்ந்து மூன்றாவது வருஷம் என் தம்பிக்குக் கல்யாணம் வைத்தது. கடையில் ஓர் ஈடிபி இருந்தது. மேலே ஆரஞ்சு, நடுவில் மல்லிகை, அடியில் சந்தனமும் வெனிலாவும். அதை விலை கொடுத்து வாங்க என்னால் முடியாது. சோதனைக்கு வைத்திருந்த பாட்டில்களில் சில திருகித் திறக்கிற மாதிரி இருக்கும். அந்த ஈடிபி பாட்டிலும் அப்படி ஒன்று. அவை இருக்கும் அலமாரியைப் பகலில் பூட்டமாட்டோம். முதலாளி தொழுகைக்கோ சாப்பாட்டுக்கோ போய், அக்காவும் பின்பக்கம் இருந்த நேரமாகப் பார்த்து, மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி எடுத்துக்கொண்டேன். கல்யாணத்தன்று கழுத்திலும், பட்டுப் புடவைக்குள் ரவிக்கையிலும் அடித்துக்கொண்டேன். அக்கா கல்யாணத்துக்கு வந்திருந்தார். என் பக்கத்தில்தான் பந்தியில் உட்கார்ந்தார். நீ இன்னைக்கு நல்லா இருக்க என்று மட்டும் சொன்னார்.

அது கார்த்திகை. மார்கழி பிறந்து பனி விழ ஆரம்பித்த பிறகு, தையில் வைத்திருந்த கல்யாணத்துக்குச் சாமான் வாங்கச் சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருந்த ஒரு குடும்பம் கடைக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க ஒரே மாதிரி பத்துப் பெட்டி வேண்டும் என்றார்கள். முதலாளிக்கு முகம் மலர்ந்தது. நான் திருடியிருந்த அதே ஈடிபியை எடுத்துக் காட்டினார். அன்று காலையில் அக்காவின் கையில் அதைத்தான் அடித்திருந்தோம். கூப்பிட்டார். அக்கா கையை நீட்டினார். குடும்பத்துப் பெரியவர் குனிந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு தன் மனைவியைக் கூப்பிட்டு முகரச் சொன்னார்.

"ஒண்ணுமே இல்லையே" என்றார் அந்த அம்மா.

முதலாளி அக்காவின் கையைப் பிடித்து இழுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். கழுவினாயா என்று கேட்டார். இல்லை என்றார் அக்கா. அவர்கள் பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் முதலாளி சோதனைப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அது அளவுக்கு மீறிக் குறைந்திருந்தது. தினமும் நான்கைந்து முறை அடித்தால் எவ்வளவு குறையும் என்பது துபாயில் வேலை பார்த்தவருக்குத் தெரியாதா. பாட்டிலைக் கீழே வைத்தார். பிறகு, சோதனைப் பாட்டில் அலமாரிச் சாவி உன்னிடம்தானே இருக்கிறது என்று அக்காவைக் கேட்டார். எடுத்தது போக மீதியில் எதையாவது ஊற்றிவிட்டாயா என்றும் கேட்டார். குரல் உயரவில்லை. அதுதான் மோசமாக இருந்தது.

அக்கா முகத்தில் ரத்தமே இல்லை. "தண்ணி ஊத்துனா கலங்கிப் போகும்னு நீகதான சொல்லிக் குடுத்தீக. பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார்.

"ஸ்பிரிட் ஊத்துனா கலங்காது" என்றார் முதலாளி.

நான் பில் போடும் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எடுத்தது நான்தான், ஆனால் ஒன்றும் ஊற்றவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் வேலை போகும், ஊரில் பேர் போகும், தம்பி மனைவி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் ஓடியது. அக்கா ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். நான் பெட்டிகளை அடுக்கினேன்.

அதன்பிறகு நான்கு நாள் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அக்கா சாவியை மேசையில் வைத்துவிட்டார். அலமாரியைத் திறக்க வேண்டுமென்றால் என்னை விட்டு முதலாளியிடம் கேட்கச் சொல்வார். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார். கவலையில் பசிக்கவில்லை போல என்று நினைத்தேன்.  என்னை மாட்டிக்கொள்ளாமல் அவரை விடுவிக்க ஒரு வழி தேடினேன். ஐந்தாம் நாள் காலையில், புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்து எல்லோரும் அடித்துப் பார்க்கலாமே என்று முதலாளியிடம் சொன்னேன். அன்றைக்கு என் யோசனையை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலாளி எங்கள் கண் முன்னால் பெட்டியின் மேலுறையைக் கிழித்தார். ஒரு காகிதப் பட்டையில் அடித்தார். தன் கையில், என் கையில், அக்கா கையில் ஒவ்வொரு அடி. பழைய சோதனைப் பாட்டிலிலிருந்தும் ஒரு பட்டையில் அடித்துப் பெயர் எழுதி வைத்தார். யாரும் மணிக்கட்டைத் தேய்க்கக் கூடாது, கழுவக் கூடாது. கடைக்குள்ளேயே நின்றால் மூக்கு பழகிப்போய் எதுவும் தெரியாது என்பதால், ஒவ்வொரு மணிக்கும் ரோட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து முகர்ந்தோம்.

முதல் மணியில் இரண்டு பட்டைகளும் ஒன்று போலவே இருந்தன. பழைய பாட்டிலில் எந்தக் கலப்பும் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. முதலாளி கையிலும் என் கையிலும் மல்லிகை நன்றாகத் தெரிந்தது. அக்காவின் கையில் மல்லிகை அடங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் மணியில் மூக்கைத் தோலில் அழுத்தினால் ஏதோ சந்தனம் மாதிரி நூலளவு வாசனை. ஐந்தாம் மணியில் அதுவும் இல்லை. என் கையில் மாலை கடை சாத்தும்போதும் வெனிலா இருந்தது.

முதலாளி காகிதப் பட்டைகளைக் குப்பையில் போட்டார். "பாட்டில்ல ஒண்ணும் இல்ல" என்றார். பாட்டில் ஏன் குறைந்தது என்று அவர் அதன்பிறகு கேட்கவில்லை. அவமானத்தில் மறந்திருப்பார், அல்லது கேட்க வேண்டாம் என்று விட்டிருப்பார். சாவியை எடுத்து அக்காவின் பக்கம் நகர்த்தினார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. பனிக்காலம், ஏசி வேறு, தோல் காய்ந்திருக்கும் என்று மட்டும் சொன்னார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவர் சாவியை எடுக்கவில்லை. தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நகத்தால் லேசாகக் கீறினார். சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

"இது என் கை மாதிரியே இல்ல" என்றார்.

நான் தைரியம் சொன்னேன். நாற்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் தோல் வறளும், வாசலின் போடுங்கள், தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள் என்றேன். கடையில் கற்றுக்கொண்டதை, கற்றுக்கொடுத்தவரிடமே சொன்னேன். அவர் எண்ணெய் தடவிக்கொண்டுதான் வந்தார். அதன்மேல் அடித்தால் கொஞ்சம் நின்றது, ஆனால் பழைய மாதிரி இல்லை. அரிப்பு இருக்கிறது என்றார். முதுகை அலமாரியின் ஓரத்தில் தேய்த்துக்கொண்டு நிற்பார். முதலாளி வாடிக்கையாளர்களிடம் இப்போது என் கையை நீட்டச் சொன்னார். ஒன்றிரண்டு மாதம் அப்படிப் போயிற்று. என் கை அக்காவின் பழைய கை மாதிரி இல்லையென்றாலும், விற்பதற்குப் போதுமானதாக இருந்தது. எனக்குச் சம்பளத்தில் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

பங்குனியில் ஒரு நர்ஸ் தன் தங்கைக்குப் பிறந்தநாள் பரிசு வாங்க வந்தார். அக்கா வாசனைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினார். வாந்தி. திரும்பி வந்து, கொஞ்ச நாளாகவே எதை முகர்ந்தாலும் குமட்டுகிறது, வாயில் இரும்பைச் சப்பினது போல இருக்கிறது என்றார். நர்ஸ் அவரை ஸ்டூலில் உட்காரவைத்தார். முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்திவிட்டு எடுத்தார். விரல் பட்ட இடத்தில் குழி அப்படியே நின்றது.

"எத்தன நாளா இப்படி வீங்குது?" என்று கேட்டார்.

நின்றுகொண்டே வேலை செய்வதால் மாலையில் வீங்கும் என்று அக்கா சொன்னார். நாளைக்கே போய் ரத்தம் கொடுங்கள், தள்ளிப்போட வேண்டாம் என்றார் நர்ஸ். அவர் எந்த வாசனையும் வாங்காமல் போய்விட்டார்.

இரண்டு கிட்னியும் சுருங்கிப்போயிருந்தன. சிவகங்கை பெரிய ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொன்னார்களாம். பிரஷர் பல வருஷமாக ஏறி இருந்திருக்கும், தினமும் சாப்பிட்ட வலி மாத்திரையும் சேர்ந்து கெடுத்திருக்கும் என்றார்களாம். அக்கா டாக்டரிடம் கேட்டிருக்கிறார்: கடையில் என் கையில் சென்ட் நிற்காமல் போயிற்றே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று. கிட்னி கெட்டால் தோலில் வேர்வையும் எண்ணெயும் குறைந்து வறண்டுபோகும், அதனால் இருக்கலாம். ஆனால் தோல் காய்ந்ததென்று கிட்னியைப் பரிசோதிக்க யார் வருவார்கள் என்று டாக்டர் சொன்னாராம். இதை என்னிடம் சொல்லும்போது அக்கா சிரித்தார். நான் மார்கழியிலிருந்து பங்குனி வரை எத்தனை வாரம் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். முன்பே தெரிந்திருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது என்று பின்னாளில் ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். அது ஆறுதலுக்குச் சொன்னதா உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். வேலையை விட்டுவிட்டார். மகள் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்கு வந்தாள். கொடுக்கப் பொருந்துகிற கிட்னி வீட்டில் யாருக்கும் இல்லை. ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

முதல் தடவை அமராவதிபுதூருக்கு நான் கடையிலிருந்து நேராகப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அக்கா ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. என் மேலிருந்த வாசனை எனக்கே தெரியாது. நாள் முழுக்க அதற்குள் நிற்கிற மூக்குக்கு அது எப்படித் தெரியும். மகள் ஓடிவந்து என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே நிறுத்தினாள். மறு வாரம் ஞாயிற்றுக்கிழமை, வாசனையில்லாத சோப்பில் தலைக்குக் குளித்து, கடைக்கு ஒருபோதும் கட்டாத பழைய சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். அப்போதும் அவர் மூக்கைச் சுருக்கினார். தலைமுடியில் இருக்கிறது என்றார். ஈரம் காயாத முடியிலும் அது இருந்திருக்கிறது.

"கோவிச்சுக்காத, அங்குட்டு சன்னலுக்கு வெளியில உக்காரு. காத்து அந்தப் பக்கமாத்தான் போகுது" என்றார்.

அதன்பிறகு நான் போகும்போதெல்லாம் சன்னலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். அவர் உள்ளே கட்டிலில். கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பேசுவோம். கடையில் என்ன புதிதாக வந்திருக்கிறது என்று கேட்பார். பெயர்களையும், மேலே என்ன நடுவில் என்ன அடியில் என்ன என்பதையும் சொல்வேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வார். சொல்லாகக் கேட்பதற்கு அவருக்குக் குமட்டவில்லை. கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது.

இரண்டாம் வருஷம் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் மிகவும் தளர்ந்திருந்த நாளில், நான் சொல்லிவிட்டேன். குப்பியில் ஊற்றியது, தம்பி கல்யாணத்துக்கு அடித்தது, முதலாளி கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும். கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துச் சொன்னேன்.

அக்கா என் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.

"தெரியும்" என்றார். "பந்தியில ஒக்காந்தப்பவே தெரியும். மத்தியானம் ஆகியும் மல்லிக நிக்குதேன்னு பாத்தேன், உன் தோலுக்கு ஈடிடி அம்புட்டு நேரம் நிக்காது. மூணாம் நாளு கடைக்கி அதே ரவிக்கையப் போட்டுக்கிட்டு வந்த. துணியில சந்தனமும் வெனிலாவும் அப்படியே இருந்துச்சு. நம்ம கடையில அந்த ஈடிபி யாரும் வாங்கல. நீ எங்க வாங்குவ."

"அப்ப ஏன்கா முதலாளிகிட்ட சொல்லல? அன்னைக்கி உங்களத்தான கேட்டாக."

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார்.

அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. மகளைக் கூப்பிட்டு எனக்குக் காபி போடச் சொன்னார். நான் அந்தக் காபியைக் குடித்தேன். திட்டியிருந்தால், அழுதிருந்தால், மன்னித்தேன் என்றாவது சொல்லியிருந்தால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். அவர் மருந்து வேளையைப் பற்றியும், மகள் தபாலில் படிப்பைத் தொடர்வதைப் பற்றியும் பேசினார். நான் கிளம்பும்போது அடுத்த வாரமும் வா என்றார். போனேன். முன்பு போலவே பேசினார். எனக்குத்தான் பேச வரவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்திருந்த ஒரு வாரத்தில், டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில் வண்டியிலேயே மூச்சுத் திணறி இறந்துபோனார். தகவல் வந்தபோது கடையில் கூட்டம், தீபாவளி நேரம். முதலாளி ஷட்டரை இறக்கிவிட்டு என்னையும் தன் காரில் ஏற்றிக்கொண்டார். அந்த வீட்டுக்குள் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில வாரம் கழித்து, கடையில் யாரும் இல்லாத ஒரு முற்பகலில் முதலாளியிடமும் சொன்னேன். அவர் புதிதாக வந்த பெட்டிகளுக்கு விலைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது. நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். பாட்டில் குறைந்ததை அவர் மறக்கவே இல்லை என்பது அவர் முகத்திலிருந்து தெரிந்தது. அக்காதான் எடுத்தார், கலக்கத்தான் இல்லை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நினைப்போடுதான் அக்காவின் சாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"அவ இருக்கையில சொல்லியிருக்கலாம்" என்றார். "நான் அவகிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டிருப்பேன்."

மறுபடியும் குனிந்து சீட்டை ஒட்ட ஆரம்பித்தார். என்னை வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று அன்று முழுக்க எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போலப் போனேன். அவர் விளக்குகளைப் போட்டார், நான் மேசையைத் துடைத்தேன். எங்களுக்குள் பேச்சு வேலைக்கு வேண்டிய அளவோடு நின்றுபோனது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.